புகையை நிறுத்துவதற்கு முன் காரைக் காலி செய்தல்

அன்புள்ள ஐயா,

பொள்ளாச்சியில் ஒரு தேங்காய் மண்டியில் கணக்குப் பார்க்கிறேன். வீடு கொழிஞ்சாம்பாறையில். தினமும் கோபாலபுரம் வழியாகக் காரில் போய் வருகிறேன். பல வருடங்களாகச் சிகரெட் பழக்கம் உண்டு. அடுத்த திங்கட்கிழமை முதல் நிறுத்துவது என்று நாள் குறித்திருக்கிறேன். அதற்கு முன்பே லைட்டர், ஆஷ்ட்ரே, புகை வாடை பிடித்த துணி எல்லாவற்றையும் வீட்டிலிருந்தும் பையிலிருந்தும் வண்டியிலிருந்தும் அப்புறப்படுத்தச் சொல்கிறார் மருத்துவர். வழியெல்லாம் பெட்டிக்கடையில் கயிறு எரிந்து கொண்டிருக்கும்போது, என் லைட்டரைத் தூக்கி எறிந்து என்ன பயன்? மனம் உறுதியாக இருந்தால் போதாதா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

புகைக்க வேண்டும் என்ற வேட்கை திடீரென்று எழுந்து, சில நிமிடங்கள் உச்சத்தில் நின்று, நீங்கள் புகைத்தாலும் புகைக்காவிட்டாலும் தானாகவே தணிந்துவிடும். நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாட்களில் அது அடிக்கடியும் கடுமையாகவும் வரும். பிறகு இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் படிப்படியாகக் குறையும். பெட்டி கதவுப் பையிலும் லைட்டர் கியருக்கு அருகிலும் இருந்தால், வேட்கை எழுந்ததை நீங்கள் உணர்வதற்குள் கை தன் வேலையை முடித்திருக்கும். அவை இல்லாதபோது காரை ஓரம் கட்ட வேண்டும், இறங்க வேண்டும், கடைக்காரரிடம் ஒன்று கேட்டு வாங்க வேண்டும், பிறகு அந்தக் கயிற்றை நோக்கிக் குனிய வேண்டும். இவை ஒவ்வொன்றிலும் நீங்கள் தெரிந்தே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும், அதற்குள் அந்தச் சில நிமிடங்களும் கடந்துவிடக்கூடும். உறுதியான மனதுக்கும் யோசிக்க நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் இந்த ஏற்பாடு தருகிறது.

உங்களைப் பொறுத்தவரை வீட்டைவிடக் காரே முதல் வேலை என்பது என் கருத்து. வீட்டில் மனைவி மக்கள் இருக்கிறார்கள். காரில் காலையும் மாலையும் தனியாக இருக்கிறீர்கள். சாவியைத் திருப்புவது, கண்ணாடியைப் பாதி இறக்குவது, ஒரு குறிப்பிட்ட வளைவு தாண்டியதும் பற்றவைப்பது என்று ஒவ்வொரு அசைவும் புகையோடு சேர்ந்தே பழகியிருக்கும். ஆகவே திங்கட்கிழமை வரை காத்திருக்காமல், வியாழக்கிழமையிலிருந்தே காருக்குள் புகைப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள். புகைத்தே ஆக வேண்டும் என்றால் வண்டியை நிறுத்தி, இறங்கி, வெளியே நின்று புகையுங்கள். இதனால் ஓட்டுவதற்கும் புகைப்பதற்கும் உள்ள பிணைப்பு திங்கட்கிழமைக்கு முன்பே தளரத் தொடங்கும். சுத்தம் செய்த இருக்கையில் புதிய புகையும் படியாது.

சனிக்கிழமை பகலில் காரை நிழலில் நிறுத்தி, உள்ளே இருக்கும் பொருள் அனைத்தையும் வெளியே எடுங்கள். இருக்கையைத் தண்டவாளத்தின் கடைசி வரை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள், ஏனென்றால் தவறி விழுந்த சிகரெட்டும் பழைய லைட்டரும் பெரும்பாலும் அதன் அடியில்தான் கிடக்கும். கதவுப் பைகள், டேஷ்போர்டு அறை, கண்ணுக்கு மேலுள்ள வெயில் தடுப்பான், ஸ்டெப்னி வைக்கும் குழி ஆகிய எதையும் விடாதீர்கள். ஆஷ்ட்ரேயைக் கழுவி மீண்டும் மாட்டாமல், கழற்றி அப்புறப்படுத்துங்கள். கை பழக்கத்தில் அதே இடத்தைத் தேடி வரும் என்பதால், அங்கே ஒரு சிறு டப்பாவில் கிராம்போ ஏலக்காயோ வைத்துவிடலாம்.

வாடையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புகையிலுள்ள நிகோட்டின் துணியிலும் பிளாஸ்டிக்கிலும் கண்ணாடியிலும் படிந்து, பிறகு சிறிது சிறிதாகக் காற்றில் கலக்கிறது. காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோயை உண்டாக்கக்கூடிய நைட்ரோசமீன்களாகவும் அது மாறுகிறது என்று 2010 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. குழந்தைகளும் அந்தக் காரில்தான் ஏறுகிறார்கள் என்பதால் இது உங்களுக்கான ஏற்பாடு மட்டுமன்று. துணி இருக்கையிலும் தரை விரிப்பிலும் சமையல் சோடாவைத் தூவி, இரவு முழுவதும் விட்டு, காலையில் வேக்குவம் கிளீனரால் இழுத்தெடுங்கள். கண்ணாடிகளின் உட்புறத்தையும் டேஷ்போர்டையும் ஸ்டியரிங்கையும் சோப்புக் கலந்த நீரில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மஞ்சள் கலந்த பழுப்புக் கறை ஏறுவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். மேற்கூரையின் துணியை மட்டும் நன்றாக நனைத்துவிடாதீர்கள், பசை விட்டுத் தொங்கிவிடும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

இத்தனைக்குப் பிறகும் ஏசி போட்டவுடன் வாடை வந்தால், காரணம் பெரும்பாலும் கேபின் ஃபில்டர். பல கார்களில் அது டேஷ்போர்டு அறைக்குப் பின்னால் இருக்கும். அதைக் கழுவிப் பயனில்லை, புதியது மாற்ற வேண்டும் என்பதால், வியாழக்கிழமையே மெக்கானிக்கிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.

வாடையை மறைக்க கார் பெர்ஃப்யூம் மாட்டாதீர்கள். புகைத்தபின் அதே மணத்தை இத்தனை நாள் பயன்படுத்தியிருந்தால், அந்த மணமே இப்போது சிகரெட்டை நினைவூட்டும். நீங்கள் வழக்கமாகப் போடும் புதினா மிட்டாய்க்கும் இதே விதிதான். ஞாயிற்றுக்கிழமை காரை வெயிலில் மூடி வைத்து, ஒரு மணி நேரம் கழித்துப் புகைக்காத ஒருவரை முதலில் ஏறச் சொல்லி முகரச் சொல்லுங்கள். புகைப்பவரின் மூக்குக்கு அந்த வாடை எளிதில் தெரியாது.

பையையும் துணிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பையைத் தலைகீழாக உதறி, உள்துணியை வெளியே இழுத்து, ஒட்டியிருக்கும் புகையிலைத் துகள்களைத் தட்டிவிடுங்கள். துவைத்த சட்டைகளைத் துவைக்காதவற்றோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். மழைக்கோட்டும் போர்வையும் மறந்து போகிறவை. விளக்கேற்றும் தீப்பெட்டி வீட்டுக்குத் தேவை, ஆனால் அது மனைவியின் பொறுப்பில் இருக்கட்டும். லைட்டரை மண்டி நண்பருக்குக் கொடுத்துவிடாதீர்கள், செவ்வாய்க்கிழமை அதே லைட்டரை அவரே உங்களிடம் நீட்டுவார். நெருப்பிலோ வெயிலில் நிற்கும் காரிலோ அதைப் போடுவதும் ஆபத்து. மிச்ச சிகரெட்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்துக் குப்பையில் போடுங்கள்.

எனக்குத் தெரிந்த வேலந்தாவளத்து வியாபாரி ஒருவர் வீட்டையும் வண்டியையும் நன்றாகவே சுத்தம் செய்தார். ஆனால் அவசரத்துக்கென்று ஒரு பெட்டியை டூல் பைக்குள் வைத்திருந்தார். ஒவ்வொரு வேட்கையின்போதும் அவர் மனம் போய் நின்றது அந்தப் பெட்டியிடம்தான். முதல் வாரம் முடிவதற்குள் டூல் பை திறக்கப்பட்டது.

இந்த ஏற்பாடு நிகோட்டின் இல்லாததால் வரும் எரிச்சலையும் தூக்கக் குறைவையும் நீக்காது. அதற்கு நிகோட்டின் சூயிங்கமோ வேறு மருந்தோ வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். 1800-11-2356 என்ற தேசிய இலவச உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

திங்கட்கிழமைக்குப் பிறகு, எவ்வளவு தேடியும் தப்பிய ஒரு சிகரெட் ஏதோ ஒரு சட்டைப் பையில் அகப்படலாம். அகப்பட்டால் அதை வைத்துக்கொண்டு யோசிக்காமல், அந்த நிமிடமே குழாயடியில் நனைத்துப் போட்டுவிட்டு, அந்தச் சட்டையையும் துவைக்கப் போடுங்கள்.