21,000-ஆ, 15,500-ஆ: செட்டிங் யார் போடுகிறார்கள் என்று பாருங்கள்

"டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன், ஊர் காட்பாடி. ராணிப்பேட்டை சிப்காட்டில் சி.என்.சி. ஆபரேட்டர் வேலை: மாதம் 21,000, 12 மணி நேர ஷிப்ட். வேலூரில் ஒரு சின்ன ஜாப் ஒர்க் பட்டறையில் 15,500, 8 மணி நேரம். வீட்டில் 21,000-க்கே போகச் சொல்கிறார்கள். எதை எடுப்பது?"

நான் சொல்வது பட்டறைதான், ஆனால் நேரில் ஒருமுறை பார்த்துவிட்டு.

முதலில் மணிக்கணக்கு. மாதம் 26 நாள் என்றால் ராணிப்பேட்டையில் 312 மணி நேரம், மணிக்கு சுமார் 67 ரூபாய். பட்டறையில் 208 மணி நேரம், மணிக்கு 74 ரூபாய்க்கு மேல். ராணிப்பேட்டைக்குப் போய்வரும் நேரம் இதில் சேரவே இல்லை. வீட்டில் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். சி.என்.சி.யில் ஆபரேட்டர் ஜாப்பை மாட்டி, சைக்கிள் ஸ்டார்ட் அழுத்தி, அளந்து வைப்பார். விட்டம் 0.04 மி.மீ. கூடி வந்தால் ஆஃப்செட் பக்கத்தில் அந்த டூலின் தேய்மானத்துக்கான வியர் மதிப்பில் -0.04 போடுவார். இதை ஒரு மாதத்தில் கற்றுவிடலாம். சாஃப்ட் ஜாவை போர் செய்வது, டூல்களைத் தொட்டு ஆஃப்செட் எடுப்பது, டிராயிங்கைப் பார்த்து புரோகிராம் எழுதுவது, முதல் பீஸை சிங்கிள் பிளாக்கில் ஓட்டிப் பார்ப்பது எல்லாம் செட்டர் வேலை. நாளைக்கு வேறு கம்பெனியில் உங்களுக்கு விலை வைப்பது இதற்குத்தான்.

இந்த செட்டிங் வேலை ஒரே ஜாப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டி வருவதில்லை, ஜாப் மாறும்போதுதான் வரும். ஆறு மாதமும் ஒரே ஷாஃப்ட் ஓடும் லைனில் நீங்கள் பார்க்கப்போவது ஒரே ஒரு செட்டிங். வாரம் மூன்று ஜாப் மாறும் பட்டறையில் வருடத்துக்கு 150.

ஆனால் பட்டறையிலும் ஓனரே எல்லா செட்டிங்கையும் போட்டுவிட்டு உங்களை மெஷின் முன்னால் மட்டும் நிறுத்தலாம். அதனால் ஷாப் ஃப்ளோரைப் பார்க்கக் கேளுங்கள். மெஷின் பேனலில் புரோகிராமைத் திருத்தவிடாமல் பூட்டும் சாவி இருக்கும். அது யார் கையில் என்று பாருங்கள். மெஷின் ஓட்டிக்கொண்டிருக்கும் பையனிடம், "அண்ணா, இந்த ஜாப்புக்கு முதல் பீஸ் யார் எடுத்தாங்க?" என்று கேளுங்கள். "நான்தான், ஓனர் பக்கத்துல நின்னாரு" என்றால் நல்ல இடம். "அதெல்லாம் அவரே பார்த்துக்குவாரு" என்றால் அங்கேயும் நீங்கள் ஆபரேட்டர்தான், 5,500 ரூபாய் குறைவாக. மைக்ரோமீட்டர், போர் கேஜ் இல்லாமல் வெர்னியரை மட்டும் வைத்து வேலை நடந்தாலும் யோசியுங்கள், அளவு பிடிக்கும் பழக்கமே வராது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா, சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

வீட்டுக் கடனுக்கு அந்த 5,500 கட்டாயம் என்றால் ராணிப்பேட்டைக்கே போங்கள். சேரும்போதே, ஆறு மாதம் கழித்து செட்டருடன் நிற்கவிடுவார்களா என்று சூப்பர்வைசரிடம் கேட்டு வையுங்கள். எங்கே சேர்ந்தாலும் சான்றிதழ்களின் நகலை மட்டும் கொடுங்கள், ஒரிஜினலைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.