சாணமும் இரைப்பைச் சாறும் சொல்வது: கறவைப் பசுக்களின் அமிலநோய் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி (ஹட்டன்): எங்களிடம் எட்டுப் பசுக்கள் உள்ளன. மூன்றின் சாணம் ஒரு நாள் கூழாகவும் மறுநாள் இறுகியும் விழுகிறது. பாலில் கொழுப்புக் குறைவு என்று சேகரிப்பு நிலையத்தில் சொல்கிறார்கள். புழு மருந்து கொடுத்தும் பயனில்லை.

பதில்: அந்த மூன்றும் அண்மையில் கன்று ஈன்றவை என்றும், விடியற்காலைக் கறவையில், புல் வெட்டி வருவதற்கு முன், ஒவ்வொன்றும் ஐந்து கிலோ கலப்புத் தீவனத்தை ஒரே தடவையில் தின்கின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. வெறும் வயிற்றில் விழும் மாப்பொருள் முதல் இரைப்பையில் வேகமாகப் புளிக்கிறது; நார் இல்லாததால் அசைபோடுதலும், அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரும் குறைகின்றன. இப்படி இரைப்பையில் அமிலம் மிகுவதே அமிலநோய்.

சாணத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடுவது வழக்கம். நீராக ஓடுவது ஒன்று, உருண்டையாக இறுகியது ஐந்து, கெட்டிக் கஞ்சிபோல் விழுந்து மூன்று நான்கு சென்டிமீற்றர் உயரத்தில் வளையமிட்டு நிற்பது மூன்று. மழைக்காலத்து இளம்புல்லே சாணத்தை இரண்டுக்கு இறக்கிவிடும். ஆகவே மதிப்பெண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கைப்பிடிச் சாணத்தைத் தேநீர் வடியில் இட்டுக் கழுவிப் பாருங்கள். முழுச் சோளமணி, ஒன்றிரண்டு சென்டிமீற்றருக்கும் நீண்ட புல்துண்டு, சளிபோன்ற சவ்வு ஆகியவையும், கழுவுமுன் மேலே நுரையும் தெரிந்தால், செரிக்காத தீவனம் பெருங்குடலில் போய்ப் புளிக்கிறது என்று ஊகிக்கலாம். எட்டில் மூன்று மட்டும் இப்படி இருப்பது, எல்லாம் தின்னும் புல்லைவிடத் தீவனம் இடும் முறையையே சுட்டுகிறது.

கேள்வி (பொகவந்தலாவை): கால்நடை வைத்தியர் வாய்வழிக் குழாயால் எடுத்த இரைப்பைச் சாற்றில் பி.எச் 6.1 வந்தது. அமிலநோய் இல்லை என்று கொள்ளலாமா?

பதில்: உடனே அப்படி முடிவு செய்ய முடியாது. குழாயில் உமிழ்நீர் கலப்பதால் பி.எச் உயர்ந்து, அமிலம் குறைவாக இருப்பதுபோல் காட்டும். முதலில் வரும் சாற்றைக் கொட்டிவிட்டு அடுத்ததை அளக்க வேண்டும். விலாவில் ஊசி குத்தி எடுத்த சாற்றில் 5.5 அல்லது அதற்குக் கீழ் என்பது அமிலநோய்க்கான எல்லை. குழாய்ச் சாற்றில் ஏறத்தாழ 5.8 வரை சந்தேகிக்கலாம். நேரமும் முக்கியம்: தீவனம் வைத்து இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் தாழ்ந்த புள்ளி தவறிவிடும். பன்னிரண்டு பசுக்களில் மூன்று எல்லைக்குக் கீழிருந்தால் மந்தைப் பிரச்சினை என்பது பெரிய பண்ணைகளின் கணக்கு. உங்களைப்போல் ஐந்தாறு பசு வைத்திருப்போர் பால் தரும் எல்லாவற்றையும் அளப்பதே நல்லது. சாறு பச்சை கலந்த பழுப்பாக இல்லாமல் பால்போல் சாம்பலாகிப் புளித்து நாறினால், நுண்ணோக்கியில் நீந்தும் ஒருகல உயிரிகளும் இல்லாவிட்டால், நிலை முற்றிவிட்டது. அன்றே சிகிச்சை தேவை.

கேள்வி: சமையல் சோடா போட்டால் போதுமா?

பதில்: போதாது. அது அமிலத்தைச் சற்றுத் தணிக்கலாம்; தீவனம் இடும் முறையை மாற்றாது. ஹட்டன் வாசகர் ஐந்து கிலோவை நாளில் மூன்று தடவையாகப் பிரித்து, ஒவ்வொரு தடவையும் முதலில் புல்லைத் தின்னவிட்டு, பிறகு தீவனம் வைக்கட்டும். சில நாட்களில் அதே மூன்று பசுக்களின் சாணத்தை மீண்டும் வடியில் கழுவிப் பார்க்கட்டும். நுரையும் சவ்வும் அப்போதும் நின்றபாடில்லை என்றால், சாறெடுக்க வைத்தியரை அழைக்க வேண்டியதுதான்.