மைக் முன்னால் நாலு வரி

அன்புள்ள ஐயா,
எங்கள் சித்தப்பா பேரூராட்சித் தலைவராக இருந்தவர். போன மாதம் பைக்கில் போனபோது லாரி மோதி இறந்துவிட்டார். வீட்டு வாசலில் டிவிக்காரர்கள் மைக்கை நீட்ட, குடும்பத்தில் என்னைத் தள்ளிவிட்டார்கள். லாரி டிரைவர் குடித்திருந்தார் என்றேன். உள்ளூருக்குள் சித்தப்பா ஹெல்மெட் போடமாட்டார் என்றும் சொல்லிவிட்டேன். அன்று நான் என்ன பேசியிருக்க வேண்டும்?
செந்தில்

அன்புள்ள செந்தில்,

எஸ்.பி.பி. மறைந்த 2020 செப்டம்பர் 25 அன்று, சென்னை மருத்துவமனைக்கு வெளியே அவர் மகன் சரண் பேசியதைத் தேடிப் பாருங்கள். அப்பா பிற்பகல் 1.04க்குக் காலமானார் என்று நேரத்தோடு சொன்னார். மருத்துவர்களுக்கும் வேண்டிக்கொண்டவர்களுக்கும் நன்றி சொன்னார். அவர் எல்லோருக்கும் சொந்தமானவர், பாட்டுகளில் இருப்பார் என்றார். அவ்வளவுதான்.

அந்த நேரத்தைச் சொன்னதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். எப்போது போனார் என்பதைக் குடும்பமே சொல்லிவிட்டால், ஊர் ஆளுக்கொரு நேரம் சொல்ல இடமில்லை.

சரணுக்கு அது முதல் நாள் இல்லை. எஸ்.பி.பி. ஆகஸ்ட் 5 அன்று கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தார்; நிலை மோசமான பிறகு அப்பா எப்படி இருக்கிறார் என்பதைச் சொல்லிவந்தவர் அவர்தான். ஆகஸ்ட் 24 அன்று எஸ்.பி.பி.க்குக் கொரோனா நெகட்டிவ் என்று ஒரு செய்தி பறந்தது. யார் கிளப்பினார்கள் என்று அவர் சண்டைக்குப் போகவில்லை. நெகட்டிவோ பாசிட்டிவோ, அப்பா இன்னும் எக்மோவிலும் வென்டிலேட்டரிலும்தான் இருக்கிறார் என்று வீடியோவில் சொன்னார். வதந்தியை அடக்க அந்த ஒரு தகவல் போதும்.

உங்கள் விஷயம் கொஞ்சம் வேறு. நோயில் போனவருக்குக் காரணத்தை டாக்டர் சொல்லிவிடுவார். விபத்தில் அதைச் சொல்ல வேண்டியது போலீஸும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும். டிரைவர் குடித்திருந்தாரா என்பது மருத்துவப் பரிசோதனையில் தெரிய வேண்டியது; உங்களுக்கு யாரோ சொன்னது. ஹெல்மெட் பேச்சு இன்னும் மோசம். நாளை நஷ்டஈடு கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால், இறந்தவர் மேலும் தவறு உண்டு என்று இன்சூரன்ஸ் வக்கீல் வாதிடுவார். உங்கள் வாயாலேயே அதற்கு அடியெடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

அன்று இப்படிச் சொல்லியிருக்கலாம்: “நான் அவர் அண்ணன் மகன். நேற்று மாலை நடந்த விபத்தில் சித்தப்பா இறந்துவிட்டார். போலீஸ் விசாரிக்கிறது, அதைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்வதற்கில்லை. நாளை காலை பத்து மணிக்கு எடுக்கிறோம். சித்தியையும் பிள்ளைகளையும் படம் எடுக்க வேண்டாம், எது கேட்டாலும் என்னிடம் கேளுங்கள்.” சொல்லிவிட்டு உள்ளே போய்விட வேண்டும். அடுத்த கேள்விக்கு நின்றால்தான் வாய் தவறும். பக்கத்து வீட்டாரிடமும் இதையேதான், ஒரு வரி கூடச் சேர்க்காமல். டிவிக்காரர் போன பிறகும் அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

இப்போது ஒன்று செய்யுங்கள். டிரைவர் குடித்திருந்ததை நீங்கள் நேரில் பார்க்கவில்லை என்று அந்த நிருபரிடம் சொல்லிவிடுங்கள். யார் மூலம் கேள்விப்பட்டீர்கள் என்பதை விசாரணை அதிகாரியிடம் சொல்லுங்கள். ஹெல்மெட் பற்றி இனி உங்கள் வக்கீலிடம் மட்டும்.