டெஸ்டர் விடலாம், ஊக்கு விடக் கூடாதா?

"அப்பா பிளக் பேசுக்குள்ள டெஸ்டர் விடுறார். அவருக்குக் கரண்ட் அடிக்கல்ல. தங்கச்சி ஊக்கு விடப் போனதுக்கு எனக்கு அடி விழுந்தது. எங்கட வீட்டுல ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே, பிறகு ஏன் பயம்? ஈரக் கையோட சுவிட்ச் போட்டா என்ன நடக்கும்?" — தரம் 6 மாணவி, களுவாஞ்சிகுடி

அப்பாவின் டெஸ்டருக்குள் இருக்கிற சின்ன விளக்கைப் பார்த்திருப்பாய், மகள். அதோடு சேர்ந்து இன்னொரு பொருளும் உள்ளே இருக்கிறது. கரண்டை இலகுவில் போகவிடாமல் மறிக்கிற ஒரு தடை. அதன் அளவு ஏறக்குறைய பத்து இலட்சம் ஓம். அப்பா டெஸ்டரை விட்டு அதன் தலையில் விரலை வைக்கும்போது அவருடைய உடம்பு வழியாகவும் கரண்ட் போகத்தான் செய்கிறது. ஆனால் அந்தத் தடையைத் தாண்டி வருவது அவ்வளவு கொஞ்சம். விளக்கு மினுங்க அது போதும், விரலுக்குத் தெரியாது.

ஊக்கில் அப்படி எதுவும் இல்லை. அது வெறும் இரும்பு. ஓட்டைக்குள் இருக்கிற லைன் கம்பியைத் தங்கச்சி தன் விரலாலேயே தொட்டதற்குச் சமம். அந்தக் கம்பியில் 230 வோல்ட் இருக்கிறது. சுவிட்ச் அணைந்திருந்தால் பயமில்லை என்றும் நினைக்காதே. கரண்ட் வருகிற லைனையும் அது திரும்பிப் போகிற நியூட்ரலையும் மாற்றிப் பூட்டிய வீடுகளில், சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஓட்டைக்குள் கரண்ட் நிற்கும். வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இனி ட்ரிப் சுவிட்ச். இதைத்தான் பெரியவர்களும் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்கிறேன். கரண்ட் லைன் வழியாக வீட்டுக்குள் போகும், நியூட்ரல் வழியாகத் திரும்பி வரும். பஸ்ஸில் ஏறியவர்களையும் இறங்கியவர்களையும் எண்ணுகிற கண்டக்டர் மாதிரி, போனதும் வந்ததும் சமமா என்று மட்டும்தான் ட்ரிப் சுவிட்ச் பார்க்கும். ஒருவர் லைனைத் தொட்டு, அவர் உடம்பு வழியாகக் கரண்ட் நிலத்துக்குள் இறங்கினால் கணக்கில் குறையும். வீடுகளுக்கு ஏற்ற ட்ரிப் சுவிட்ச், 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே கண்மூடித் திறப்பதற்குள் விழுந்துவிடும். ஒரு ஆம்பியரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மில்லி ஆம்பியர்.

இப்போது தங்கச்சி இரண்டு ஊக்கு எடுத்து, கைக்கு ஒன்றாகப் பிடித்து, இரண்டு ஓட்டைக்குள்ளும் விடுகிறாள் என்று வை. லைனில் வந்த கரண்ட் ஒரு கையால் ஏறி, நெஞ்சைக் கடந்து, மற்றக் கையால் இறங்கி நியூட்ரலுக்கே போய்விடும். அவள் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தால் நிலத்துக்கு ஒன்றும் போகாது. போனதும் வந்ததும் சமம், கணக்குச் சரி. ட்ரிப் சுவிட்சுக்கு அவள் ஒரு பல்பு மாதிரித்தான் தெரிவாள், விழாது. பக்கத்தில் இருக்கிற பிரேக்கரும் விழாது, ஏனென்றால் அது வயர் சூடாகாமல் பார்க்கிற ஆள். 16 ஆம்பியர் பிரேக்கர் 16 ஆம்பியருக்கு மேல் போனால்தான் அசையும். ஒரு பிள்ளையின் உயிருக்கு அதில் நூறில் ஒரு பங்கே அதிகம். ட்ரிப் சுவிட்ச் நல்ல பொருள்தான், பல உயிரைக் காப்பாற்றும். இந்த ஒரு இடத்தில் மட்டும் அதற்குக் கண் தெரியாது.

அதுவும் உங்கள் வீட்டில் இருப்பது வேலை செய்கிறதா? இந்தப் பகுதியை அப்பாவிடம் வாசித்துக் காட்டு. நம்முடைய பக்கம் கார்த்திகை, மார்கழி மழையில் சுவர் ஊறும். ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழும். ஊறிய வயரில் இருந்து கரண்ட் கசிகிறது என்று அது சொல்கிறது. கசிவைத் தேடிப் பிடிக்க அரை நாள் வேலை. அதைச் செய்யாமல், ட்ரிப் சுவிட்சைச் சுற்றி நேரே ஒரு வயரைக் கொடுத்து, "இனி விழாது ஐயா" என்று காசு வாங்கிக்கொண்டு போகிற வயர்மன்மார் இருக்கிறார்கள். சுவிட்ச் பெட்டியில் அழகாக இருக்கும், உயிர் இருக்காது. புது வீட்டுக்குக் கரண்ட் எடுக்கும்போது வீட்டுப் படலையைக்கூடத் தாண்டாமல் வயரிங் சரி என்று கையெழுத்து வாங்கித் தருகிற தரகர்களையும் பார்த்திருக்கிறேன். கரண்ட் வந்த பிறகு அந்த வீட்டு வயரிங்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பில் மட்டும் மாதம் தவறாமல் வரும். சரி, அப்பா செய்யவேண்டியது இதுதான்: ட்ரிப் சுவிட்சில் ஒரு சின்ன டெஸ்ட் பொத்தான் இருக்கும். அதை அழுத்த வேண்டும். வீடு முழுக்கக் கரண்ட் போனால் நல்லது. போகாவிட்டால் அன்றைக்கே தகுதியான ஒருவரைக் கூப்பிட வேண்டும்.

இன்னொன்று. சதுர முள் போகிற 13 ஆம்பியர் பிளக் பேசில் கீழே இருக்கிற இரண்டு ஓட்டைக்கும் உள்ளே ஒரு மூடி இருக்கிறது. மேலே போகிற நீட்டு முள் உள்ளே போனால்தான் அது திறக்கும். உன் தங்கச்சி போன்ற பிள்ளைகளுக்காகவே வைத்த மூடி அது. ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? இரண்டு முள் சார்ஜரைச் செருகுவதற்கு மேல் ஓட்டைக்குள் பேனையை விட்டு மூடியைத் திறக்கிறார்கள். இரும்பு ஸ்குரூ டிரைவர் விடுகிறவர்களும் உண்டு. பக்கத்தில் இருந்து பார்க்கிற மூன்று வயதுப் பிள்ளை, ஓட்டைக்குள் எதையாவது விடவேண்டும் என்றுதான் படிக்கும். தங்கச்சிக்கு ஊக்கு விடப் படிப்பித்தது யார் என்று இப்போது யோசித்துப் பார், அடி உனக்கு விழுந்தது நியாயமில்லை. மேலே பிளாஸ்டிக் முள் உள்ள அடாப்டர் கடையில் கிடைக்கிறது, அதை வாங்கினால் பேனை தேவையில்லை. பழைய வட்ட முள் பேசுகளில் பலவற்றுக்கு மூடியே கிடையாது. அவற்றைத் தங்கச்சியின் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்திருக்கக் கூடாது.

ஈரக் கைக்கு வருவோம். நம் தோலின் மேல்படை காய்ந்த, உயிரில்லாத படை. அது காய்ந்திருக்கும்வரை கரண்டை நன்றாகவே மறிக்கும். வோல்ட்டைத் தடையால் பிரித்தால் எவ்வளவு கரண்ட் ஓடும் என்று தெரியும். தடை ஐம்பதாயிரம் ஓம் என்று வைத்தால், 230 ஐ அதால் பிரிக்க 5 மில்லி ஆம்பியர்கூட வராது. அடிக்கும், நோகும், கை உதறும். அதே தோல் தண்ணீரில் ஊறினால் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். இப்போது பிரித்துப் பார்: 230 மில்லி ஆம்பியர். 10, 15 இலேயே கை இறுகிப் பிடித்துக்கொள்ளும், விட நினைத்தாலும் விட முடியாது. 30 ஐத் தாண்டினால் மூச்சும் இருதயமும் தடுமாறும். பிள்ளைகளுக்கு இன்னும் குறைவே போதும்.

சுவிட்ச் பிளாஸ்டிக்தானே என்பாய். அதன் ஓரத்தில் இடைவெளி இருக்கிறது. விரலில் இருந்து வடிகிற தண்ணீர் அதற்குள் இறங்கி, உள்ளே இருக்கிற கம்பி வரைக்கும் போனால், தண்ணீரே வயராகிவிடும். கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். உப்புள்ள தண்ணீரில் கரண்ட் இன்னும் நன்றாக ஓடும், வியர்வையும் அப்படித்தான். குளித்துவிட்டு வெறுங்காலோடு ஈரச் சீமெந்துத் தரையில் நின்று சுவிட்ச் போட்டால், கரண்டுக்குக் கையால் ஏறவும் வழி, காலால் இறங்கவும் வழி. துவாயால் கையைத் துடைத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு பிறகு போடு.

யாரையாவது கரண்ட் பிடித்துவிட்டால் ஓடிப்போய் இழுக்காதே, உன்னையும் பிடிக்கும். மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லிக் கத்து. எது மெயின் சுவிட்ச் என்று இன்றைக்கே அப்பாவிடம் கேட்டு வை. எழும்பாவிட்டால் 1990 க்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. எழும்பிச் சிரித்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இருதயத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கரண்ட் உள்ளே சுட்ட இடம் வெளியில் தெரியாது.