விடுப்புப் பணத்தில் வரி பிடித்தது சரியா?

"பெங்களூரு ஐ.டி. கம்பெனியில் 6 வருடம் 8 மாதம் வேலை பார்த்து, 2025 செப்டம்பர் கடைசியில் ராஜினாமா செய்தேன். மிச்சமிருந்த 62 நாள் விடுப்புக்கு 99,200 ரூபாய் போட்டு, முழுத்தொகைக்கும் வரி பிடித்துவிட்டார்கள். கேட்டால், 'ரிட்டையர்மென்ட் ஆனால்தான் சார் விலக்கு' என்கிறார் எச்.ஆர். உண்மையா?"

எச்.ஆர். சொன்னது தவறு. ஓய்வாக இருந்தாலும் 'வேறு வகையில்' வெளியேறினாலும் விலக்கு உண்டு என்றுதான் வருமான வரிச் சட்டத்தின் 10(10AA) பிரிவு சொல்கிறது. ராஜினாமாவும் அதில் அடங்கும் என்று சென்னை உயர் நீதிமன்றம் பல ஆண்டுகளுக்கு முன்பே தீர்ப்பளித்திருக்கிறது. வேலையில் இருந்துகொண்டே விடுப்பைப் பணமாக்கினால்தான் முழுதும் வரிக்கு உட்படும். ஆனால் உங்கள் 99,200-ல் ஒரு பகுதிக்குத்தான் விலக்கு. அதில்தான் ஒரு சின்ன சிக்கல்.

கம்பெனி உங்கள் பேசிக் 48,000-ஐ 30-ஆல் வகுத்து, நாளுக்கு 1,600 என்று 62 நாளுக்குப் போட்டிருக்கிறது. இது கம்பெனி விதிப்படியான கணக்கு. வரிக் கணக்கோ வேறு. அதில் நான்கு தொகைகளை ஒப்பிட்டு, எது குறைவோ அதுதான் விலக்கு. முதலாவது, கைக்கு வந்த 99,200. இரண்டாவது, தனியார் ஊழியருக்கான வாழ்நாள் உச்சவரம்பு 25 லட்சம் (2023 ஏப்ரல் 1-க்கு முன் 3 லட்சம்தான்). மூன்றாவது, 10 மாத சராசரிச் சம்பளம். சம்பளம் என்றால் இங்கே பேசிக்கும் டி.ஏ.யும்தான், எச்.ஆர்.ஏ. சேராது. நீங்கள் அனுப்பிய சம்பளச் சீட்டுகளில் டிசம்பர் முதல் மார்ச் வரை பேசிக் 42,000, ஏப்ரலிலிருந்து 48,000. பத்து மாதமும் சேர்ந்து 4,56,000, இதுதான் மூன்றாவது தொகை. மாதச் சராசரி 45,600.

நான்காவது, சட்டக் கணக்குப்படி மீதமுள்ள விடுப்பின் மதிப்பு. இதுதான் உங்களுக்கு உதைக்கும். சேவையின் ஒவ்வொரு வருடத்துக்கும் அதிகபட்சம் 30 நாள் விடுப்பு என்பது சட்டம். நடைமுறையில் முழு வருடங்களை மட்டுமே எடுப்பார்கள், அந்த 8 மாதம் போய்விடும். உங்கள் கம்பெனி தருவது வருடத்துக்கு 24 நாள், அதனால் 6 வருடத்துக்கு 144. நீங்கள் எடுத்தது 98. மீதி 46 நாள். சராசரியின் ஒரு நாள் மதிப்பு 1,520, ஆக 69,920 ரூபாய். நான்கிலும் இதுவே குறைவு. எனவே இது விலக்கு, மிச்சம் 29,280-க்கு மட்டுமே வரி.

இப்போது செட்டில்மென்ட் தாளோடு, சேர்ந்த நாளிலிருந்து விடுப்புப் பதிவின் நகலையும் கேட்டு வாங்குங்கள். எடுத்த விடுப்பு 98 என்பதைக் காட்ட அது வேண்டும். நிதியாண்டு முடியுமுன் எழுத்து மூலம் கணக்கைத் திருத்தச் சொல்லலாம். திருத்தாவிட்டாலும் நஷ்டமில்லை. ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது சம்பளப் பகுதியில் 10(10AA) கீழ் 69,920-ஐக் காட்டுங்கள், அதிகம் பிடித்த வரி ரீஃபண்டாக வரும். முந்தைய கம்பெனியில் ஏற்கெனவே இந்த விலக்கு வாங்கியிருந்தால் அந்தத் தொகை 25 லட்சத்தில் கழியும், அதை மறைக்க வேண்டாம்.