ஸ்பிரின்ட் கயாக், ஸ்லாலம் கயாக் இரண்டும் துடுப்புப் போடுவதுதானே? ஒன்றில் கெட்டிக்காரர் மற்றதில் ஏன் திணறுகிறார்?

துடுப்பு என்ற பெயர்தான் ஒன்று. ஸ்பிரின்ட் என்பது அசையாத நீரில் நேராகப் பாயும் படகுப் பந்தயம், ஸ்லாலம் என்பது பாயும் நீரில் தொங்கும் கேட்களைக் கடக்கும் பந்தயம். இரண்டு துடுப்புகளின் பிளேடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒருவர் மட்டும் ஓட்டும் கே1 படகை வைத்தே சொல்கிறேன்.

ஸ்பிரின்ட் கே1 படகு 5.2 மீட்டர் வரை நீளம் இருக்கலாம், எடை 12 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஊசி போல ஒடுங்கிய உடல், உருண்டையான அடிப்பாகம். புதிதாக உட்காருபவர் கரையை விட்டு நகர்வதற்குள் கவிழ்ந்துவிடுவார். பின்னால் சின்னச் சுக்கான் உண்டு, அதைப் பாதத்தால் திருப்ப வேண்டும். ஸ்லாலம் கே1 குறைந்தது 3.5 மீட்டர் நீளமும் 60 செ.மீ. அகலமும் இருக்க வேண்டும். சுக்கான் கிடையாது. அடிப்பாகம் தட்டை, இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்திருக்கும். பின்பகுதி வேண்டுமென்றே மெலிதாக இருக்கும். அதை நீருக்குள் அழுத்தினால் முன்முனை எழும், படகு நின்ற இடத்திலேயே சுழலும்.

ஸ்பிரின்ட் துடுப்பின் பிளேடு விமான இறக்கை போல ஒரு ஓரம் தடித்து வளைந்தது. பேரே விங். 1980களில் ஸ்வீடனில் பிறந்தது. இதை நேராகப் பின்னால் இழுத்தால் வேலை செய்யாது. கால்விரல்களுக்கு அருகில், படகை ஒட்டிக் குத்த வேண்டும். பிறகு அது தானாகவே வெளிப்பக்கம் விலகிப் போக விட வேண்டும். பக்கவாட்டில் நகரும்போதுதான் இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசை இதற்கும் கிடைக்கிறது, நீரில் வழுக்குவது குறைகிறது. இழுப்பது கையல்ல, உடம்பு: இடப்பக்கம் குத்தும்போது இடக்கால் கால்பலகையை மிதிக்கும், இடுப்பு திரும்பும். இடுப்பைத் தாண்டியும் இழுத்துக்கொண்டிருந்தால் பிளேடு நீரை மேலே அள்ளும், படகின் வால் அமுங்கும். பின்னால் ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீர் தெறித்தால் இதுதான் காரணம்.

இதே துடுப்பை ஆற்றுக்குக் கொண்டுபோனால் ஆபத்து. விங் ஒரு திசைக்கு மட்டும் செய்தது. பக்கவாட்டில் நீரைப் பிடிக்கவோ கவிழாமல் ஊன்றவோ வைத்தால் பிளேடு அடியில் பாய்ந்துவிடும், ஆளும் கூடவே போவார். ஸ்லாலம் பிளேடு லேசான குழிவோடு ஏறக்குறையத் தட்டை. முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று எல்லாவற்றுக்கும் அதே பிளேடுதான்.

களத்தைப் பார்ப்போம். ஸ்பிரின்டில் 200, 500, 1000 மீட்டர், அசையாத நீர், ஆளுக்கு 9 மீட்டர் அகலத் தடம். சுக்கானில் ஒரு பாசி சிக்கினால்கூடப் பந்தயம் போச்சு.

ஸ்லாலமில் பாயும் நீருக்கு மேல் கம்பங்களால் ஆன 18 முதல் 25 கேட் தொங்கும். பச்சைக் கேட்டை நீரோட்டத்தோடும், சிவப்புக் கேட்டை எதிர்த்தும் கடக்க வேண்டும். கம்பத்தைத் தொட்டால் 2 வினாடி, கேட்டை விட்டுவிட்டால் 50 வினாடி நேரத்தோடு சேரும். கேட் அமைத்த பிறகு அதில் ஒத்திகை பார்க்க விடமாட்டார்கள். கரையில் நடந்து மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

ஸ்பிரின்ட் ஆட்கள் மாட்டுவது சிவப்புக் கேட்டில். அது பெரும்பாலும் தடைக்குப் பின்னால் நீர் ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் திரும்பும் எடியில் இருக்கும். முதலில் ஓட்டமும் எடியும் உரசும் கோட்டைக் கோணத்தோடு, வேகம் குறையாமல் வெட்ட வேண்டும். கோட்டைத் தாண்டும்போதே படகைத் திரும்பும் பக்கம் சாய்க்க வேண்டும். அடுத்து அந்தப் பக்கத் துடுப்பை நிமிர்த்தி முன்னால் எடிக்குள் ஊன்ற வேண்டும். படகு அதைச் சுற்றித் திரும்பும். செக் வீரர் மிலோவன் டுஃபெக் 1950களில் பரப்பிய முறை என்பதால் இதை டுஃபெக் என்றே சொல்வார்கள். திரும்பியதும் அதே பிளேடை எடுக்காமலே முன்னோக்கிய இழுப்பாக மாற்றிக் கேட்டைக் கடக்க வேண்டும். நேராக வேகமாக வந்து பழகியவர் ஊன்றத் தாமதிப்பார், கேட்டைத் தாண்டி நீரோடு அடித்துச் செல்லப்படுவார். படகைச் சாய்க்க மறந்தாலோ, எடி நீர் வெளி ஓரத்தைப் பிடித்துக் கவிழ்த்துவிடும்.

வேகம் மட்டும் போதாது என்பதற்கு டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் ஸ்லாலம் கே1 இறுதிச்சுற்றே சாட்சி. ஆஸ்திரேலியாவின் ஜெசிகா ஃபாக்ஸ் ஓடிய நேரம் 102.73 வினாடி. இரண்டு கம்பம் உரசியதில் 106.73 ஆகி வெண்கலம். எதையும் தொடாமல் 105.50இல் முடித்த ஜெர்மனியின் ரிக்கார்டா ஃபுங்குக்குத் தங்கம்.