"என்ன பாவம் செஞ்சாங்களோ" என்ற பேச்சுக்கு நான்கு மரபுகளின் மறுமொழி

கேள்வி: நல்ல கடவுள் இருந்தால் ஏன் மண்சரிவில் பிள்ளைகள் சாகிறார்கள் என்று வகுப்பில் கேட்கிறார்கள். இந்து, பௌத்தம், கிறிஸ்தவம், இஸ்லாம் நான்கும் என்ன சொல்கின்றன என்று ஐந்து நிமிட வீடியோ ஒன்று செய்ய நினைக்கிறேன். சொந்தங்களை இழந்தவர்களும் பார்ப்பார்கள். யாரையும் புண்படுத்தாமல், மேலோட்டமாகவும் போகாமல் எப்படிச் சொல்வது?
— அறநெறிப் பாடசாலை ஆசிரியை, ஹட்டன்

ஐந்து நிமிடத்தில் நிதானமாகப் பேசினால் ஏறத்தாழ ஐந்நூறு சொற்கள்தான் அடங்கும். அதை நான்காகப் பங்கு போட்டால், "இந்து சமயம் வினை என்கிறது, பௌத்தம் ஆசை என்கிறது, கிறிஸ்தவம் பாவம் என்கிறது, இஸ்லாம் சோதனை என்கிறது" என்பதற்குமேல் எதையும் சொல்ல முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அதைக் கேட்டால், நான்கு சமயமும் சேர்ந்து தன்மேல் பழி போடுவதாகவே எடுத்துக்கொள்வார். ஆகவே பெரிய கேள்விக்குள் இருக்கும் ஒரு சிறிய கேள்வியை மட்டும் எடுங்கள்: துன்பப்பட்டவர் தமக்கு உரியதைத்தான் அனுபவித்தாரா? தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் லயத்து வாசலில் முதலில் கேட்கும் பேச்சும் இதுதானே. "என்ன பாவம் செஞ்சாங்களோ." இந்தப் பேச்சுக்கு எதிரான குரல் நான்கு மரபுகளின் மூலநூல்களுக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் வீடியோ அதைக் கேட்கச் செய்தால் போதும்.

தொடக்கத்துக்கு அரை நிமிடம் ஒதுக்குங்கள். கடவுள் நல்லவர், கடவுள் எல்லாம் வல்லவர், ஆனாலும் துன்பம் இருக்கிறது: இந்த மூன்றையும் ஒன்றாகப் பிடிக்க முடியவில்லை என்பதுதான் உங்கள் மாணவரின் சிக்கல். பிறகு ஒரு நிகழ்வைச் சொல்லுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பல நாள் பெய்த மழை ஒரு காரணம். ஆனால் அந்தச் சரிவு ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. இருந்தும் குடும்பங்கள் அங்கேயே இருந்தன, பாதுகாப்பான இடத்தில் மாற்று வீடு அவர்களுக்குக் கட்டித் தரப்படவில்லை. மழை ஏன் பெய்தது என்பது ஒரு கேள்வி. மக்கள் ஏன் அந்த மலையடியில் விடப்பட்டார்கள் என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மனிதர்கள். இந்தப் பிரிவினையைச் சொல்லாமல் நேரே கடவுளிடம் போனால், மனிதர் செய்யத் தவறியதையும் சேர்த்துக் கடவுள் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

முதலில் உங்கள் சொந்த மரபை எடுங்கள், அதற்கே அதிக நேரமும் கொடுங்கள். "இந்து சமயம் சொல்கிறது" என்று பொதுவாகத் தொடங்க வேண்டாம். அதற்குள் பல தரிசனங்கள் இருக்கின்றன, ஒன்றின் விடை மற்றதற்குப் பொருந்தாது. நம் மக்களுக்கு நெருக்கமான சைவ சித்தாந்தத்தைச் சொன்னால் போதும். இங்கே இறைவனாகிய பதி, உயிராகிய பசு, உயிரைக் கட்டும் பாசம் மூன்றும் அநாதி, அதாவது தொடக்கமற்றவை. இறைவன் உயிர்களை வெறுமையிலிருந்து படைக்கவில்லை, அவற்றின் அறிவை மூடியிருக்கும் அழுக்கான ஆணவ மலத்தையும் அவன் படைக்கவில்லை. செம்பில் களிம்புபோல அது தொடக்கமின்றி ஒட்டியிருக்கிறது. அதனால் "ஏன் கடவுள் தீமையைப் படைத்தார்?" என்ற கேள்வியே இங்கே எழாது. உடலும் உலகும் அந்த மலம் பக்குவப்பட்டுக் கழல்வதற்காகக் கொடுக்கப்பட்டவை. வினை அறிவற்றது, தானாகச் செய்தவனைத் தேடிப் போய்ச் சேராது, ஆகவே பயனைக் கூட்டுவிப்பவன் இறைவன். அப்படியானால் அவன் கொடியவனா? சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் இதற்கு விடை சொல்கிறது: சொற்கேளாத பிள்ளையைப் பெற்றோர் வளாரினால் அடித்தாலும் அதன் அடியில் இருப்பது பரிவே, ஈசனின் முனிவும் அத்தகையது.

இந்த விடையை வீடியோவில் இதோடு நிறுத்தினால் ஆபத்து. அடிபட்ட பிள்ளைக்குத் தான் ஏன் அடிபட்டேன் என்று தெரியும். மண்ணுக்குள் போன கைக்குழந்தைக்கு எதுவும் தெரியாது. முற்பிறப்பு என்று சொல்லலாம், மரபும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கேட்பவர் காதில் அது "அந்தக் குழந்தைக்கு இது வேண்டியதுதான்" என்று விழும். இங்கேதான் திருஞானசம்பந்தரைக் கொண்டுவர வேண்டும். கொங்கு நாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், குளிர்ச்சுரத்தால் அடியார்கள் வாடியபோது அவர் திருநீலகண்டப் பதிகம் பாடினார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. அதன் முதற் பாட்டு இப்படித் தொடங்குகிறது:

"அவ்வினைக்கு இவ்வினை ஆம்என்று சொல்லும் அஃதறிவீர்
உய்வினை நாடாது இருப்பதும் உந்தமக்கு ஊனம்அன்றே"

அந்த வினைக்கு இந்தப் பயன் என்று பேசுகிறீர்களே, தப்பும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்று கேட்கிறார். வினைக் கொள்கையை அவர் மறுக்கவில்லை. பிறர் துன்பத்தைப் பார்த்து வினைக் கணக்குச் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பதைத்தான் மறுக்கிறார். அவர் அழைக்கும் இறைவனோ ஆலகாலத்தைத் தானே வாங்கிக் கண்டத்தில் வைத்துக்கொண்டவன். இந்தப் பகுதியை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"வினை உண்டு என்று சைவம் சொல்கிறது. ஆனால் அடுத்தவர் வினையை எடைபோடும் வேலையை அது நமக்குத் தரவில்லை. காய்ச்சலில் கிடந்தவர்கள் நடுவே நின்ற சம்பந்தர், 'இது உங்கள் வினை' என்று சொல்லிவிட்டு நகரவில்லை. தப்பும் வழியைத் தேடுங்கள் என்றார், நஞ்சைத் தன் தொண்டையில் தாங்கியவனைக் கூப்பிட்டார்."

பௌத்தத்துக்கு வரும்போது ஒரு பிழை காத்திருக்கிறது. நான்கு மரபுகளும் ஒரே கேள்விக்கு விடை சொல்வதாகத் தலைப்புப் போட்டால், பௌத்தத்தைத் தவறாகக் காட்டிவிடுவீர்கள். உலகைப் படைத்துக் காக்கும் ஒரு கடவுளை அது ஏற்பதில்லை. ஆகவே "நல்ல கடவுள் ஏன் விட்டார்?" என்பது அதன் கேள்வியே அல்ல, துக்கம் எதனால் எழுகிறது, எப்படித் தீரும் என்பதே அதன் கேள்வி. இதை ஒரே வாக்கியத்தில் நேராகச் சொல்லிவிடுங்கள். பிறகு உங்கள் சிறிய கேள்வியை வையுங்கள்: எல்லாம் முன்வினைதானா? பௌத்தக் குடும்பங்களிலும் ஆம் என்ற பேச்சு உண்டு. ஆனால் புத்தரின் போதனைத் தொகுப்புகளில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில் மோலியசீவகன் என்ற துறவி புத்தரிடம் இதையே கேட்கிறார். சில வேதனைகள் பித்தத்தால் வருகின்றன, சில கபத்தால், சில வாதத்தால், சில இம்மூன்றும் சேர்ந்து வருகின்றன, பருவ மாற்றத்தால், உடலைச் சரியாகப் பேணாததால், பிறர் தாக்குவதால் வருவனவும் உண்டு, சில வினைப்பயனால் வருகின்றன என்று புத்தர் எட்டு வகை சொல்கிறார். எல்லாம் முன்வினையே என்பவர்கள் தாமே அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்றும் சொல்கிறார். எட்டில் ஒன்றுதான் வினைப்பயன். நம் ஊர்ச் சிங்கள அயலவர்கூட இதைக் கேட்டு நிமிர்ந்து உட்காருவார்.

கிறிஸ்தவத்துக்கு லூக்கா 13ஆம் அதிகாரம் போதும். சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தார்கள். எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டு, இல்லை என்று அவரே சொல்கிறார். மண்சரிவுக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி கிடைக்காது. ஆனால் பாதியில் வெட்டாதீர்கள். மனந்திரும்பாவிட்டால் நீங்களும் அழிவீர்கள் என்று அடுத்த மூச்சில் எச்சரிக்கிறார், அதை மறைத்தால் பைபிள் தெரிந்தவர் உடனே கண்டுபிடிப்பார். பைபிளில் குற்றமின்றித் துன்பப்பட்டவரான யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்து "நீ பாவம் செய்திருப்பாய்" என்று வாதாடிய பிறகுதான், அவர்கள் பேசியது சரியல்ல என்று கடவுள் கோபிக்கிறார். மனிதருக்குச் சுதந்திரம் உண்டு, அதனால் தீமை வருகிறது என்ற புகழ்பெற்ற விடை, மக்கள் மலையடியில் விடப்பட்டதை விளக்கும், மழையை விளக்காது. அங்கே கிறிஸ்தவர்கள் சிலுவையையே காட்டுவார்கள்: "என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று கதறியவரையே அவர்கள் தேவகுமாரன் என்கிறார்கள். இதை நீலகண்டத்தோடு "இரண்டும் ஒன்றே" என்று இணைத்துவிடாதீர்கள். இரண்டு பக்கத்தாரும் அதை ஏற்கமாட்டார்கள்.

இஸ்லாமில் சோதனை என்ற சொல் உண்மைதான். அச்சத்தாலும் பசியாலும் பொருள், உயிர், விளைச்சல் இழப்பாலும் சோதிப்போம், பொறுமையாளருக்கு நற்செய்தி சொல்லுங்கள் என்று குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் சொல்கிறது (2:155). உங்களுக்கு நேரும் துன்பம் உங்கள் கைகள் தேடிக்கொண்டதே, அவன் பலவற்றை மன்னிக்கிறான் என்ற வசனமும் இருக்கிறது (42:30). இரண்டையும் சொல்லுங்கள். அதன்பிறகு, இடிபாட்டில் சிக்கி இறந்தவர் ஷஹீதுகளில், அதாவது உயிர்த்தியாகிகளில், ஒருவர் என்ற நபிமொழியைச் சொல்லுங்கள். புகாரி தொகுப்பில் இருக்கிறது. மண்ணுக்குள் போனவரைத் தண்டிக்கப்பட்டவர் என்று பார்க்காமல், உயர்ந்த மரியாதைக்கு உரியவராக அது வைக்கிறது. அதைச் சொல்ல முப்பது விநாடி போதும்.

படங்களில் மூடுண்ட லயங்களையோ மீட்பு வேலைக் காட்சிகளையோ போட வேண்டாம். தம் வீட்டுக் கூரைத் தகரத்தை அடையாளம் காணக்கூடிய ஒருவர் நிச்சயம் பார்ப்பார். மலைச்சரிவும் மழையும் பாட்டின் எழுத்துகளும் போதும்.

பதிவு செய்வதற்கு முன் ஒவ்வொரு பகுதியையும் அந்தந்த மரபைச் சேர்ந்த ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். "சரியா?" என்று கேட்டால் மரியாதைக்காக ஆம் என்பார்கள். அதற்குப் பதிலாக, "சாவு வீட்டில் இதை நீங்கள் சொல்வீர்களா?" என்று கேளுங்கள். ஒருவர் தயங்கினால், எந்த வாக்கியத்தில் தயங்கினார் என்று குறித்துக்கொண்டு, அவர் அங்கே சொல்லக்கூடிய வாக்கியத்தை அவர் வாயாலேயே வாங்கி அந்த இடத்தில் எழுதுங்கள்.